மறுபடி டாக்டரின் ஒரே கட்டுரை

பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. அக்காவின் கைபேசி சாப்பாட்டு மேசையில் சார்ஜில் கிடந்தது. அவள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வங்கியிலிருந்தும் ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்தும் ஏதாவது வரும் என்பதால் நான் அதை அணைக்காமல் வைத்திருந்தேன். ஒரு மருத்துவ இதழின் ஆசிரியர் அவள் பெயரை விளித்து எழுதியிருந்தார். தங்கள் கட்டுரை வெளியீட்டுக்கு ஏற்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அச்சுக்கு முந்தைய படி சில நாளில் வந்து சேரும். திருத்தங்களை இரண்டு நாளுக்குள் அனுப்பவும்.

என் அக்கா பொது மருத்துவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஆஸ்பத்திரி, பெரும்பாலும் ஒரே வார்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி போன பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில் இருந்தோம். வார்டில் அவளுக்கு மறுபடி டாக்டர் என்று பெயர். யார் நோயாளியின் கதையைக் கேட்டு எழுதியிருந்தாலும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மறுபடி சொல்லுங்க, முதல்லேர்ந்து" என்பாள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். "வேற நல்ல பேரா வைக்கச் சொல்லக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "மறுபடி யோசிக்கச் சொல்றேன்" என்றாள்.

அவள் எழுதிய கட்டுரை அது ஒன்றுதான். ஒரே ஒரு நோயாளியைப் பற்றியது. அவருக்கு என்ன நடந்தது, பரிசோதனையில் என்ன தெரிந்தது, என்ன சிகிச்சை கொடுத்தார்கள், எப்படித் தேறினார், அதிலிருந்து மற்ற மருத்துவர்கள் எதைக் கவனிக்கலாம் என்று இரண்டு மூன்று பக்கத்தில் சொல்லும் வகை. கடைசியில் நோயாளியின் ஒப்புதல் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

நோயாளி ஒரு பஸ் டிரைவர். விடுமுறை நாளில் வீட்டுப் படியேறும்போது கால் இரண்டும் வலுவிழந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ரத்த அழுத்தம் மிக அதிகம், ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. இருக்க வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல். இதயத் துடிப்பின் வரைபடமும் மாறியிருந்தது. சிறுநீரில் பொட்டாசியம் போய்க்கொண்டே இருந்தது. இதெல்லாம் சேர்ந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் கோளாறு என்றுதான் முதலில் நினைப்பார்கள். அது உண்மையானால் ஆல்டோஸ்டீரோன் என்கிற ஹார்மோன் அதிகமாக இருக்க வேண்டும். முடிவு வந்தபோது அது குறைவாக இருந்தது. அதைத் தூண்டிவிடும் ரெனினும் குறைவாக இருந்தது. அந்த ஹார்மோன் இல்லாமலேயே உடம்பில் வேறு ஏதோ அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மறுபடி சொல்லுங்க.

மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை என்று அவர் ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லியிருந்தார். அவளிடமும் அதையே சொன்னார். சொல்லும்போது அவருடைய இடது கன்னம் சற்று உப்பியிருந்தது.

"வாயில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. அதிமதுரம். சிகரெட்டை விட்டதிலேர்ந்து."

நாள் முழுக்க மென்றுகொண்டிருந்திருக்கிறார், ஒன்றரை வருடமாக. அதிமதுர வேரில் இருக்கும் ஒரு பொருள் சிறுநீரகத்தை ஏமாற்றும்; உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளச் செய்யும். அதை நிறுத்தினார்கள். பொட்டாசியத்தை முதலில் ஊசி வழியாக மெதுவாகவும் பிறகு வாய் வழியாகவும் கொடுத்தார்கள். சிறுநீரகத்தில் அந்த ஏமாற்று வேலையைத் தடுக்கும் மாத்திரை சில வாரம். கால் பலம் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கக் கொஞ்சம் நாளானது. வண்டி ஓட்டத் தகுதி என்று அக்காவே சான்று கொடுத்தாள்.

இது புதிய நோயல்ல. முதலில் அனுப்பிய இதழ் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பியது. "தெரிஞ்ச விஷயம்தான். ஆனா மூணு பேர் கேட்டும் வெளியில வரலையே" என்று அக்கா சாப்பாட்டு மேசையில் சொன்னாள். கட்டுரையின் கடைசிப் பகுதியை அந்த ஒரு கருத்தை வைத்து மாற்றி எழுதி, இன்னொரு இதழுக்கு அனுப்பினாள்.

ஒப்புதல் விஷயத்தில் அவள் பிடிவாதமாக இருந்தாள். இதழ் கேட்பது கையெழுத்து மட்டும். அவள் கட்டுரை முழுவதையும் பேச்சு மொழியில் எழுதி, டிரைவருக்குப் படித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்கினாள். அந்த வடிவத்தில் அவர் 'ஐம்பதுகளில் இருக்கும் ஓர் ஆண்'. அவ்வளவுதான்.

பிறகு இதழிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் கேள்வி அனுப்பினார்: இவ்வளவு அதிமதுரம் ஏன் சாப்பிட்டார்? அக்கா ஒரு வரி சேர்த்தாள். நோயாளி பஸ் ஓட்டுநர் என்றும், புகைபிடிப்பதை விட்ட பிறகு வேலை நேரத்தில் அதை மென்றார் என்றும். பதில் அனுப்பக் கெடு நெருங்கியிருந்தது. அனுப்பிவிட்டாள். 'இறுதி வடிவத்தைக் கேட்டறிந்து நோயாளி எழுத்துமூலம் ஒப்புதல் அளித்துள்ளார்' என்ற வரி அப்படியே இருந்தது. அடுத்த வாரம் அவர் பரிசோதனைக்கு வருவார், அப்போது படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொன்னாள். அவர் வந்த வாரம் அவள் இல்லை. வார்டுக்குப் போகும் மாடிப்படியில் விழுந்தாள். இதயம்.

கட்டுரையில் இரண்டாவது பெயர் அவளுடைய ஜூனியருடையது. வார்டில் அவரைச் சின்ன டாக்டர் என்பார்கள். அவரை அழைத்து மின்னஞ்சலைப் படித்தேன். பிறகு அந்த வரியைப் பற்றிச் சொன்னேன்.

"மேடம் வாங்கிட்டாங்கன்னு நினைச்சேன்ணா."

"இல்லம்மா. பழைய கையெழுத்துதான் இருக்கு."

"அது செல்லும். யாரும் கேட்க மாட்டாங்க." பிறகு அவரே, "ஆனா அந்த வரி உண்மை இல்ல, இல்லையா?" என்றார்.

டிரைவரின் வீடு மூன்றாவது மாடியில். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு சைக்கிள் கம்பியோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தது. அவருடைய மனைவி என்னையும் சின்ன டாக்டரையும் உட்காரவைத்துவிட்டு, அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு கணவரைக் காட்டி, "சிகரெட்டை விடுன்னு சொன்னேன் சார். மரத்தைத் தின்னுன்னா சொன்னேன்?" என்றார்.

"வேர்" என்றார் டிரைவர்.

"பாருங்க, அதுல மட்டும் சரியா இருப்பார்."

சின்ன டாக்டர் மடிக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பேச்சு மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் ஓட்டுநர் என்ற இடத்தில் டிரைவர் கையை உயர்த்தினார், சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல.

"இது முன்ன இல்லையே."

"மேடம் பிறகு சேர்த்தாங்க. ஏன் அவ்வளவு சாப்பிட்டீங்கன்னு இதழ்ல கேட்டாங்க."

"இங்கிலீஷ்லதானே வருது, யாரு படிக்கப்போறா?" என்றார் மனைவி.

"எங்க மேனேஜர் பையன் டாக்டருக்குப் படிக்கிறான்." டிரைவர் என் பக்கம் திரும்பினார். "சார், டிப்போவுல எனக்கு என்ன பேர்னு தெரியுமா? அதிமதுரம். சம்பளச் சீட்டுல மட்டும்தான் வேற பேர். டிரைவர், அதிமதுரம் ரெண்டும் ஒரே வரியில வந்தா என் போட்டோவைப் போட்ட மாதிரிதான்."

"நீங்க குணமாயிட்டீங்கன்னும் எழுதியிருக்கே" என்றார் சின்ன டாக்டர்.

"அது கீழதானே வருது. கால் விழுந்துச்சுன்னு மேலயே இருக்கு. கீழ வரைக்கும் யாரு படிப்பா? ஷெட்டுல வண்டி கழுவ விட்டுடுவாங்கம்மா. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"வாத்தியார்னு போட்டுடுங்களேன்" என்றார் மனைவி. "வாத்தியார்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இருக்கிறதை விட்டுடலாம்மா. இல்லாததைப் போடக் கூடாது. அது கட்டுரையையே பொய்யாக்கிடும்." சின்ன டாக்டர் திரையைச் சற்று சாய்த்தார். "உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா இதை நிறுத்திடலாம். இன்னும் அச்சாகலை. நிறுத்தினாலும் உங்க சிகிச்சையில ஒரு மாற்றமும் இருக்காது."

அக்காவின் ஒரே கட்டுரை அது என்பது டிரைவருக்குத் தெரியும்; வார்டில் அவளே சொல்லியிருந்தாள். நான் அதை நினைவூட்டவில்லை. வரும் வழியில் சின்ன டாக்டர் என்னிடம் கேட்டுக்கொண்டது, அதைச் சொல்ல வேண்டாம் என்பது ஒன்றுதான்.

சின்ன டாக்டர் அந்த வரிக்குத் திரும்பி, "வேலை நேரத்தில் புகைபிடிக்க முடியாத ஒருவர், அப்படின்னு மட்டும் போட்டா?" என்றார்.

"வேலை நேரத்துல யாருக்குத்தான் பிடிக்க முடியும்?"

"அதுதான் வேணும்."

டிரைவர் அந்த வரியை மறுபடி சொல்லச் சொன்னார். கேட்டார். மனைவியைப் பார்த்தார். "இது நீயாக்கூட இருக்கலாம்" என்றார்.

"நான் எப்பப் பிடிச்சேன்?"

மீதியையும் கேட்டு முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேதியைச் சின்ன டாக்டர் அவரையே எழுதச் சொன்னார். கட்டுரையில் நோயாளியின் சொந்த வார்த்தைக்கு ஒரு சிறு பகுதி உண்டு. அதை மாற்ற வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்றார். அவர் வார்டில் சொன்னது அங்கே இருந்தது: நல்லதுன்னு நினைச்சுதான் சாப்பிட்டேன், அதனாலதான் மருந்தான்னு கேட்டப்ப இல்லைன்னேன்.

அச்சுக்கு முந்தைய படியில் எழுத்துப் பிழைகளை மட்டுமே திருத்தலாம். வாக்கியத்தை மாற்ற இதழாசிரியரின் அனுமதி வேண்டும். சின்ன டாக்டர் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். கட்டுரையின் முதல் ஆசிரியர் இறந்துவிட்டார், இனி கடிதப் போக்குவரத்து தன்னுடன் என்று முதலில். அடுத்து, தொழிலைக் குறிக்கும் சொல்லை நோயாளியின் விருப்பப்படி நீக்க வேண்டும் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். திருத்திய வடிவம் அனுப்பப்பட்டபோது நோயாளி அதைக் கேட்டிருக்கவில்லை, நேற்றுத்தான் கேட்டார் என்றும் ஒரு வரி எழுதிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"மேடத்துக்குக் கெட்ட பேர் வருமாண்ணா?"

"வரலாம்."

"கட்டுரையையே வேண்டாம்னு சொல்லிடலாம்."

"சொல்லலாம்" என்றேன். அவர் அந்த வரியை அடிக்கவில்லை. அனுப்பினார்.

பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இதழாசிரியர் இரங்கல் தெரிவித்திருந்தார். புதிய ஒப்புதல் படிவத்தின் தேதியைக் கேட்டிருந்தார். மாற்றத்தை ஏற்றிருந்தார், சிகிச்சையைப் புரிந்துகொள்ளத் தொழிலைச் சொல்லத் தேவையில்லை என்று ஒரு வரியில் சொல்லியிருந்தார்.

கட்டுரை வந்துவிட்டது. இரண்டரைப் பக்கம். அக்காவின் பெயருக்கு மேல் ஒரு சிறு குறி. அடியில் அதன் பொருள்: காலமானவர். டிரைவர் பழைய தடத்திலேயே ஓட்டுகிறார். அதிமதுரத்துக்குப் பதில் இப்போது வாயில் எதுவும் இல்லை என்கிறார். டிப்போவில் பெயர் மட்டும் மாறவில்லையாம்.

பரிசோதனைக்கு வரும்போது அவருக்குப் படித்துக் காட்டுவதற்காக அக்கா எழுதத் தொடங்கியிருந்த பேச்சு மொழி வடிவம் அவளுடைய மேசையில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. பஸ் ஓட்டுநர் என்ற சொல்லின் அருகே, 'இதை அவரிடம் கேட்க வேண்டும்' என்று ஓரத்தில் குறித்திருக்கிறாள். 'பொட்டாசியத்தை ஊசி வழியா மெதுவா ஏத்தினோம், அதுக்கு அப்புறம்' என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகு எழுதவில்லை.