முன்மொழிபவர் யார்?

சவரிநாதனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் லாயாங் லாயாங் ஊரில் நான் பார்த்ததில்லை. கேஸை அடைத்தோமா என்று பாதி வழியில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள். பக்கத்து நகரமான குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலை. எங்கள் மாதா கோயிலின் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவைக்கு அவர் செயலாளர் ஆனதற்குக் காரணம், வேறு யாரும் அந்த வேலைக்கு வர மாட்டோம் என்றதுதான். பொருளாளர் பிலோமினா, அதாவது நான், உட்பட.

எங்கள் கோயிலின் கடைசி பெஞ்சுகளுக்கு மேலே பலகைத் தளம் போட்ட பாடகர் மாடி ஒன்று இருக்கிறது. பேரவைத் துணைத் தலைவர் செல்லப்பன் ஒரு காண்ட்ராக்டர். செத்துப்போன மனைவியின் நினைவாக அந்த மாடியை அவரே இலவசமாகக் கட்டிக்கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எழுந்தபோது சவரிநாதன் சட்டைத் தோளில் மாடிப் பலகையிலிருந்து மாவு போல மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. அடுத்த வாரமும் கிடந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலேதான் அவர் மகள் ஷர்மினி நின்று பாடுவாள். அன்றிலிருந்து கரையான் பயத்தில் அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

மகளை மட்டும் பாடகர் குழுவிலிருந்து நிறுத்திக்கொள்ளலாமே என்றேன். மற்ற பிள்ளைகளும் அங்கேதானே நிற்கிறார்கள் என்றார். சரி, செல்லப்பனிடம் சொல்லுங்கள் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. செல்லப்பன் தொண்டையைச் செருமினாலே இவர் எழுந்து நின்றுவிடுவார்.

பேரவைக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலைச் செயலாளர்தான் எழுதுவார். தலைவர் என்ற முறையில் ஃபாதர் பார்த்துச் சரி சொன்னதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் போடுவோம். அதில் இல்லாத விஷயத்தைக் கடைசியில் 'பிற' என்ற தலைப்பில் பேசலாம், ஆனால் முடிவெடுக்கிற வழக்கம் இல்லை. அந்த நேரத்தில் தின்பதற்குக் கறிபாப் வேறு வந்துவிடும், யார் காதிலும் ஏறாது. சவரிநாதன் முதலில் 'கட்டடப் பழுதுபார்ப்பு' என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். அதுவும் திருவிழா, வரவு செலவு எல்லாவற்றுக்கும் பிறகு. எனக்குக் கோபம் வந்தது. இதைப் படிக்கிறவன் கக்கூஸ் குழாய் என்றுதான் நினைப்பான் என்றேன். அதை அடித்துவிட்டு, 'பாடகர் மாடி: கரையான், பாதுகாப்பு' என்று எழுதித் திருவிழாவுக்கு முன்னால் கொண்டுவந்தார்.

ஃபாதர் படித்துவிட்டு யோசித்தார். பெரிய ரிப்பேர் என்றால் செலவு மதிப்பீடு வாங்கி பிஷப்பின் ஆயர் இல்லத்து அனுமதிக்கு அனுப்ப வேண்டும், திருவிழாக் கொடியேற்றத்துக்குள் நடக்காது, அதனால் இப்போதைக்குப் பாடகர்களை மேலே ஏற்றலாமா என்பதை மட்டும் முடிவு செய்வோம் என்றார். நிரல் வாட்ஸ்அப்பில் போனது. செல்லப்பன் பார்த்துவிட்டதற்கு நீல டிக் விழுந்தது. கூட்டம் வரைக்கும் சவரிநாதன் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பயம் தொற்றிக்கொண்டது.

கூட்டத்தன்று நிரலில் அந்தத் தலைப்பு வந்ததும் செல்லப்பன் எழுந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"சவரி, இது என் சம்சாரம் பேருல கட்டுனது. வாங்க, ஏறியே காட்டுறேன்."

ஃபாதர் தடுத்தும் கேட்கவில்லை. எல்லோரும் அவர் பின்னால் கோயிலுக்குள் போனோம். நாங்கள் கீழே நிற்க, அவர் தடதடவென்று படியேறி மாடியின் நடுவில் நின்று காலால் ஓங்கி மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள்.

சவரிநாதன் குறிப்பேட்டைத் திறந்தார்.

"அப்போ தீர்மானமா எழுதிக்கிறேன் ஃபாதர். திருவிழாவுக்கு பாடகர் குழு பூரா மாடியில நின்னு பாடலாம். முன்மொழியிறது யாரு?"

சிரித்தவர்களில் ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். என் பேரை எழுத வேண்டாம் என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் உயிர் விஷயத்தில் என் பேர் எதற்கு?

சவரிநாதன் அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, நீங்க முன்மொழியிறீங்களா? உங்க பேரைப் போட்டுக்கவா?"

செல்லப்பன், பிள்ளைகள் வரிசையாக நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் காலடிப் பலகையைப் பார்த்தார். சற்று முன் ஓங்கி மிதித்த மனிதர் இப்போது கால் விரலைக்கூட அசைக்கவில்லை. இரண்டு கையாலும் மாடியின் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"என் பேரப் போடாத, சவரி" என்றார். கம்பியை விடாமலே, "நான் எப்பிடிடா எறங்குறது?" என்றார்.

யாரும் நகரவில்லை. சவரிநாதன் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரோரமாக ஒவ்வொரு படியாக ஏறினார். மேல்படியில் நின்று கையை நீட்டினார்.

"செவுத்த ஒட்டியே வாங்கண்ணே. மெதுவா. நான் பிடிச்சிக்கிறேன்."