கேமரா மேட்ரிமோனியலே

என் வீட்டுக்காரருடைய தலையில் ஐந்து தையல் விழக் காரணம் ஓர் இத்தாலிய ஓட்டல்.

அப்போது குகட்பள்ளி ஹவுசிங் போர்டில் குடியிருந்தோம். அவருக்கு மிலானில் இரண்டு வார வேலை. அந்த ஊர் அலுவலகமே ரூம் போட்டு, உறுதிச் சீட்டை அப்படியே இத்தாலிய மொழியில் அனுப்பியிருந்தது. மறுநாள் விசாவுக்கு அதைக் கொடுக்க வேண்டும். பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் சும்மா புரட்டினேன். இத்தாலியும் இங்கிலீஷ் எழுத்துதானே என்கிற திமிர். 'கான்செலாசியோனே கிராத்துயிதா' என்றிருந்தது. முதல் வார்த்தை கேன்சல்தான்; எங்கப்பா ரிட்டயரானபோது ஆபீஸில் கொடுத்த மாதிரி, ரத்து செய்தால் கிராஜுவிட்டி தருவார்கள்போல என்று சிரித்தேன். அடுத்த வரியில் சிரிப்பு செத்தது. 'கேமரா மேட்ரிமோனியலே.' எனக்குத் தெரிந்த மேட்ரிமோனியல் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் வரன் பக்கம். அதோடு கேமரா வேறு! கல்யாணம், போட்டோ எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். மீதியை யார் படித்தார்கள்? குறுக்கே கிழித்தேன்.

குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தவரிடம் கிழிந்த தாளில் அந்த வரியைக் காட்டி, "யாருடா அவ?" என்றேன். எட்டு வருஷத்தில் முதல் 'டா'.

"எவ?" என்றார். அந்த அப்பாவி முகம்தான் எனக்கு வெறியேற்றியது. தட்டை வீசினேன், சுவரில் உடைந்தது. டம்ளர் அவர் தோளில் பட்டது. கையைப் பிடிக்க வந்தார், கடித்தேன். சப்பாத்திக் கட்டை கைக்குக் கிடைத்தது. நெற்றிக்கு மேலே ஒரே அடி. கண்ணுக்குள் ரத்தம் வழிய அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, இன்னொரு அடிக்குக் கை ஓங்கினேன்.

"அடிச்சது போதும். வந்து டைப் அடி" என்றார், துண்டைத் தலையில் அழுத்திக்கொண்டு.

கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்காரவைத்து, மொழிபெயர்க்கும் பக்கத்தைத் திறந்து, கிழிந்த துண்டுகளை ஒட்டிப் பிடித்தார். ஒவ்வொரு வார்த்தையாக டைப் அடித்தேன். கேமரா என்றால் அறை. மேட்ரிமோனியலே என்றால் இரட்டைக் கட்டில். நான் கிழித்த இடத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு வார்த்தை மிச்சம் இருந்தது: 'ஊசோ சிங்கோலா'. ஒருவர் மட்டும் தங்க. கீழே 'தாஸா தி சொஜோர்னோ', ஊர் வரி, தங்குகிறவர் ஓட்டலில் கட்ட வேண்டியது: ஒரு நபருக்கு. கிராத்துயிதா என்றால் இலவசம். வந்து சேரும் நாளுக்கு முந்தின நாள் வரை காசில்லாமல் ரத்து செய்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

"மன்னிச்சிருங்க" என்று காலைப் பிடித்தேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அவர் திட்டவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் கேட்டார்: "கிழிஞ்ச அந்தப் பேப்பர்த் துண்டு கெடைக்காமப் போயிருந்தா?"

கட்டையை மறுபடி எடுத்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது. இன்றும் அவர் தலை சீவும்போது நான் அந்த அறையில் நிற்பதில்லை.