நானூற்று எழுபத்தொரு ரூபாய்க்கு எழுதிய கடிதம்

நான் எழுதிய கடிதங்களிலேயே பிழையில்லாத கடிதம் அதுதான். தேதி, தொகை, பரிவர்த்தனை எண், புகார் எண் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. அதைக் கைபேசி நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு டீ போட்டுக் குடித்தேன்.

அப்போது நான் ஜவ்வாது மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. சொந்த ஊர் போளூர். வார நாட்களில் மலையிலேயே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சனி ஞாயிறு கீழே இறங்கிவிடுவேன்.

ஜமுனாமரத்தூர் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பெண் கடை வைத்திருந்தாள். மலைக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். ஜெராக்ஸ் எடுப்பாள், ரீசார்ஜ் செய்வாள், கரண்ட் பில்லும் போன் பில்லும் கட்டித் தருவாள். ஜெராக்ஸ் மிஷின் கடனில் வாங்கியது. அவள் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். எங்கள் பள்ளியின் ஜெராக்ஸ் வேலை மொத்தமும் அந்தக் கடையில்தான்.

என்னுடையது மாதக் கடைசியில் பில் வரும் இணைப்பு. வரியோடு நானூற்று எழுபத்தொரு ரூபாய். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்படி முன்பே போட்டு வைத்திருந்தேன். ஆனால் முந்தைய மாதம் கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பிவிட்டது. இனி அது வேலை செய்யாது என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, ஜூலை பதினாறாம் தேதி அவளிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். அவள் கட்டிவிட்டு ஒரு துண்டுச் சீட்டு அச்செடுத்துக் கொடுத்தாள். பதினெட்டாம் தேதி வங்கியிலிருந்தும் நானூற்று எழுபத்தொரு ரூபாய் போய்விட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். எடுத்தவன் பார்த்துவிட்டு, "உங்க நம்பருக்குப் பதினெட்டாம் தேதி ஒரு பேமென்ட்தான் வந்திருக்கு மேடம். பதினாறாம் தேதி எதுவும் காட்டல" என்றான். புகார் எண் ஒன்று கொடுத்தான்.

அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். சந்தைக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் ஆதார் அட்டையோடு நின்றிருந்தார்கள். நிற்கட்டும், தெரிந்துகொள்ளட்டும் என்றே நினைத்தேன்.

"என் பணத்த கட்டலியாமே நீ?"

"இன்னா டீச்சர் சொல்றீங்க? கட்டிட்டேன். என் வாலட்லேர்ந்து பணம் போயிருக்கு, பாருங்க." தன் போனை என் முன்னால் நீட்டினாள். நான் பார்க்கவில்லை.

"கம்பெனியிலேயே வரலன்னு சொல்றான்."

"சில தபா நடுவுல நின்னுக்கும் டீச்சர். சீட்டுல நம்பர் இருக்குதே, அத வெச்சு ஒரு லெட்டர் போடுங்க. அவங்க தேடுனா கெடைச்சிடும்."

"இந்த மாதிரி சீட்டு யார் வேணா அடிக்கலாம். இங்க எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்ககிட்ட எவ்ளோ அடிச்சே இப்படி?"

வரிசையில் நின்ற ஒரு கிழவர் தன் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அவள் அவர் போவதைப் பார்த்தாள். பிறகு மேசையைத் திறந்து நான்கு நூறு ரூபாய் நோட்டுகளும் சில்லறையுமாக எண்ணி வைத்தாள்.

"எடுத்துக்குங்க டீச்சர். கூட்டத்துல இப்படிப் பேசாதீங்க."

எடுத்துக்கொண்டேன். குற்றம் இல்லாதவள் ஏன் பணம் தர வேண்டும் என்று அன்று இரவு என் கணவரிடம் போனில் கேட்டேன். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் சொன்னேன். பள்ளியின் ஜெராக்ஸ் வேலை கீழே போளூருக்குப் போனது. விடுதிக் காப்பாளரும் மற்ற ஆசிரியர்களும் அங்கே போவதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அதுவும் போதவில்லை. அவளுக்குப் பில் கட்டும் ஐடி கொடுத்த முகவர் போளூரில் இருந்தார். ஐடியைப் பிடுங்க வேண்டுமென்றால் எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றார். அதற்காகத்தான் அந்தக் கடிதம்.

"ஜூலை 16 அன்று கடை மூலம் ரூ. 471 செலுத்தியதாக எனக்குச் சீட்டு தரப்பட்டது. அதன் பரிவர்த்தனை எண் 7716 என முடிகிறது. ஜூலை 18 அன்று என் வங்கிக் கணக்கிலிருந்து அதே தொகை தானியங்கி முறையில் எடுக்கப்பட்டது. அதன் வங்கிக் குறிப்பு எண் 3052 என முடிகிறது. ஒரே பில்லுக்கு இருமுறை என்னிடம் பணம் பெறப்பட்டுள்ளது. முதல் தொகை தங்களுக்கு வந்து சேரவில்லை எனில் அதை எழுத்துமூலம் உறுதிசெய்யக் கோருகிறேன். கடைக்காரர் பணத்தைக் கையாடியதாகச் சந்தேகிக்கிறேன்."

சீட்டின் படத்தையும் வங்கிக் கணக்கின் பக்கத்தையும் இணைத்தேன். பணத்தை அவள் திருப்பித் தந்துவிட்டதை மட்டும் எழுதவில்லை. நகல் ஒன்றை முகவருக்கு அனுப்பினேன். அவர் நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டே நாளில் அவள் ஐடியை முடக்கிவிட்டார்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பத்து வரிகூட இல்லை. 7716 என முடியும் கட்டணம் ஜூலை பதினாறாம் தேதியே தங்களுக்கு வந்துவிட்டது, தொழில்நுட்பக் கோளாறால் என் எண்ணில் வரவு வைக்கப்படாமல் நின்றிருந்தது, இப்போது வரவு வைக்கப்பட்டு அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளப்படும், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

அதை வகுப்பில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் அவள் மகளின் இடம் காலியாக இருந்தது. மூன்று வாரமாகவே காலி.

சாயங்காலம் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்: "காபி எஸ்டேட்டுக்குப் போய்ட்டாங்க, கர்நாடகா பக்கம். வியாபாரம் படுத்துடுச்சு. மிஷின் லோனுக்கு ஆள் வந்து நின்னா இன்னா பண்ணுவாங்க? புள்ளையையும் இட்டுனு போய்ட்டாங்க."

தலைமையாசிரியரிடம் பதிலைக் காட்டினேன். படித்துவிட்டு என்னிடமே நீட்டினார். "இத இப்ப வெளிய சொன்னா உங்களுக்குத்தான் கெட்ட பேரு. ஸ்கூலுக்கும் அசிங்கம். வுடுங்க." அவர் சொன்னதால் விட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவரிடம் போனேன்.

கல்வியாண்டு முடிவில், நெடுநாள் வராதவர்கள் பட்டியலில் அவள் மகளின் பெயரை என் கையாலேயே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் இடம்பெயர்வு" என்று போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவளைப் போளூர் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கறுத்து, மெலிந்திருந்தாள். கூட மகள், கையில் துணி மூட்டை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் "வணக்கம் டீச்சர்" என்றது. தாய் அதன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினேன். "அந்தப் பணம் அப்பவே கம்பெனிக்கு வந்துடுச்சாம். எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. வாங்கிக்கோ."

"எப்ப தெரிஞ்சுது?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "நீ கடைய மூடிட்டுப் போன மாசமே."

அவள் நோட்டை வாங்கவில்லை. "டீச்சர், நான் திருடின்னு அத்தினி பேர் எதுருல சொன்னீங்க. இல்லன்னு எத்தினி பேர்கிட்ட சொன்னீங்க?"

மலைக்குப் போகும் பேருந்து வந்தது. அவள் மகளை முன்னால் ஏற்றிவிட்டு ஏறினாள். நான் போக வேண்டியதும் அதே பேருந்துதான். ஏறவில்லை. அடுத்த பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன்.