திரும்பி வந்த புளியங்கொட்டைகள்

ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் மூன்றாவது வருடமாகத் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். ஐம்பதுகளின் தொடக்கம். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, ஜூன் மாதம் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அந்த வருடம் பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஜூனில் கூப்பிட மாட்டோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அதையும் ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மூன்றாவது ஃபாரம், அதாவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடப் பேச்சு: வெப்பம் ஏன் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே போகிறது, ஏன் திரும்புவதில்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரி. 'போகும்' என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டால் புத்தகம் வாயைத் திறக்காது.

முதலில் ஐஸ்கட்டியை வைத்து ஆரம்பித்தேன். பிள்ளைகள் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "குளிர் கைக்குள்ள ஏறுது டீச்சர்" என்றார்கள். ஏறுவது குளிர் இல்லை, கையின் சூடுதான் ஐஸுக்குள் போகிறது என்று மூன்று நாள் தொண்டை வற்றக் கத்தினேன். மூன்றாம் நாள் மாலை ஒருத்தி, "செரி டீச்சர், ஆனா குளிரும் ஏறுது" என்றாள். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் புளியங்கொட்டை யோசனை வந்தது. ஐந்து பெஞ்சு, பெஞ்சுக்கு எட்டுப் பிள்ளைகள். முதல் பெஞ்சில் ஆளுக்கு ஐந்து கொட்டை. மற்ற நான்கு பெஞ்சுக்கும் ஒன்றுமில்லை. கொட்டைதான் வெப்பம், பிள்ளைகள்தான் பொருளின் துகள்கள். முதல் பெஞ்சு சூடு, மற்றவை குளிர். நான் கைதட்டும்போதெல்லாம் ஒவ்வொருத்தியும் பக்கத்திலோ முன்னாலோ பின்னாலோ இருப்பவளோடு விரல் நீட்டி ஒற்றையா இரட்டையா விளையாட வேண்டும். தோற்றவள் கையில் கொட்டை இருந்தால் ஒன்று கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

நிறையத் தடவை கைதட்டியபின் எண்ணினால் பெஞ்சுக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று பரவியிருக்கும். ஒருத்தியிடம் நாலு இருக்கும், பக்கத்திலிருப்பவளிடம் ஒன்றும் இருக்காது. ஆனால் பெஞ்சுக்குப் பெஞ்சு கிட்டத்தட்ட சமம். பின்னால் போ என்று கொட்டைக்கு யாரும் கட்டளையிடவில்லை. முன்னால் வராதே என்றும் தடுக்கவில்லை. நாற்பதும் முதல் பெஞ்சிலேயே குவிந்திருக்கும் வகைகள் கொஞ்சம். ஐந்து பெஞ்சிலும் சிதறிக் கிடக்கும் வகைகளோ எண்ணி மாளாது. குருட்டாம்போக்கில் கைமாறும் கொட்டை அந்த மாளாத வகைகளில் ஒன்றில்தான் போய் விழும். நாற்பது கொட்டைக்கே இப்படி. ஒரு தம்ளர் தண்ணீரில் இருக்கும் துகள்களுக்குக் கணக்கு எங்கே? அதனால்தான் ஆறிப்போன தண்ணீர், தானே காற்றிலிருந்து சூட்டை வாங்கி மறுபடி கொதிப்பதை எவரும் பார்த்ததில்லை.

எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'வெப்பம் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு ஒருபோதும் போகாது.'

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். கதர்ப் புடவை, சின்ன நோட்டு, சிரிக்காத முகம். பேச்சு நன்றாகப் போனது. கைதட்டினேன், கொட்டைகள் பரவின. எண்ணச் சொல்லப் போகும் நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, காப்பி ஆறுகிறது என்றார். எட்டு மாதமாக இந்த வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்! மூவரும் வராந்தாவுக்குப் போனோம். ஐந்து நிமிடம். 

திரும்பி வந்ததும் மிடுக்காக, "கடைசி பெஞ்சு, எத்தனை?" என்றேன்.

"இல்ல டீச்சர்."

"நாலாவது பெஞ்சு?"

"இல்ல டீச்சர்."

மூன்றாவதிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. முதல் பெஞ்சில் எட்டுப் பிள்ளைகள் முன்னாலும் ஐந்தைந்து கொட்டை, வரிசையாக, கோலப்புள்ளி மாதிரி. வகுப்புத் தலைவி எழுந்து நின்றாள். தலைமையாசிரியை போகும்போது, "எல்லாம் எடுத்த இடத்துல இருக்கணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரியவர்கள் வந்தால் அவர் வழக்கமாகச் சொல்வது. இவளும் அப்படியே செய்துவிட்டாள்.

"திரும்பாது, திரும்பாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல என்ன பஞ்சா வெச்சிருந்தே? என் பொழைப்பையே கெடுத்துட்டியே!" என்று கத்திவிட்டேன். இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால், நாற்பது பிள்ளைகள் முன்னால். அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கரும்பலகையைப் பார்த்தார். பிறகு அவளிடம், "அப்போ வெப்பம் திரும்பிப் போகும், அப்படித்தானே?" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "தானா போவலீங்கம்மா. நான் பெஞ்சு பெஞ்சா போயி பொறுக்கினு வந்தேன். எங்க நைனா ஐஸ் கம்பெனில எஞ்சின் ஓட்டறாரு. தண்ணில கீற சூட்டை எஞ்சின்தான் இழுத்து வெளிய தள்ளுதாம். எஞ்சின் நின்னா ஐஸெல்லாம் உருகிப்பூடும். வெளிய தள்ற எடத்துல பைப்பு சுடும், மேல தண்ணி ஊத்திகினே இருப்பாங்க. ஐஸ்ல இருந்து எடுத்த சூடு மட்டும் இல்லீங்கம்மா, எஞ்சின் பாடுபட்ட சூடும் சேந்துதான் அங்க வருமாம்." பிறகு சொன்னாள், "எனக்கும் பொறுக்கிப் பொறுக்கி வேர்த்துப்பூட்ச்சு."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட நான் கரும்பலகையில் எழுதாமல் விட்டது 'தானாக' என்ற ஒரு சொல். யாராவது பாடுபட்டால் திரும்பும்; பாடுபடாமல் திரும்பாது. மீன் விற்கும் தெருவுக்கெல்லாம் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லையே!

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் பக்கம் திரும்பினார். "இதை நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஆமாங்கம்மா, தானா போவாதுன்னு எங்க டீச்சர்தான் சொன்னாங்க. போர்டுல எழுத மறந்துட்டாங்க."

நான் இல்லை என்று சொல்லவில்லை. நோட்டில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அவர்கள் போனதும் அவளைக் கூப்பிட்டு, "ஏன்டி பொய் சொன்னே?" என்றேன். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"பொழைப்பே பூட்ச்சுன்னு கத்தினீங்களே டீச்சர்" என்றாள்.

இரண்டு வாரத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு முப்பது வருடம் நடத்தினேன். ஒவ்வொரு முறையும் கரும்பலகையில் 'தானாக' என்பதைத்தான் முதலில் எழுதுவேன். "எவ்வளவு தெளிவாச் சொல்றீங்க டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தவள் யார் என்று அவர்களிடம் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.