தராசு அக்காவின் கடைசித் துண்டு

வார்ப்பாலையின் சோதனைக்கூடத்தில் அவருக்குத் தராசு அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக உலோகத்தைக் காற்றில் ஒரு முறை, தண்ணீரில் ஒரு முறை நிறுத்து அடர்த்தி எழுதுகிறார். இடுப்பு வலி அந்த நாற்காலி தந்தது. பக்கத்து மேஜை என்னுடையது.

அன்று வந்தது லாரி பிரேக்கைத் தாங்கும் அலுமினிய வார்ப்பு. முழுதாக நிறுத்தால் அடர்த்தி 2.68, பழுதில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் போல்ட் உட்காரும் புள்ளியில் அடர்த்தி என்ன என்று கேட்டிருந்தார்கள். 2.55க்குக் குறையக் கூடாது. புள்ளிக்கு ஏது எடை, ஏது பருமன்? அதைச் சுற்றித் துண்டைச் சிறிதாக்கிக்கொண்டே போய், எடையைப் பருமனால் வகுத்த எண் எதை நெருங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அக்கா அந்தப் புள்ளியை நடுவில் வைத்து அறுத்தார். நாலு சென்டிமீட்டர் கனசதுரம்: 2.65. இரண்டு: 2.52. ஒன்று: 2.44. அரை: 2.43. எண் நின்றுவிட்டது. உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுத் துளைகள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் திங்கள் முதல் அக்காவுக்கு விடுப்பு, மகளுக்குப் பிரசவம். முதல் பிரசவத்துக்கே போக முடியவில்லை. வார்ப்பு தேறாவிட்டால் அந்தத் தொகுதி நாற்பதையும் புதிதாக வார்த்து, அத்தனையையும் அக்காதான் நிறுக்க வேண்டும். எண் ஏறாதா என்ற நப்பாசையில் ஒரு மில்லிமீட்டர் துணுக்கை அறுத்து நிறுத்தார். 2.69. பதிவேட்டிலும் எழுதிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மேனேஜர் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"புள்ளின்னா சின்னதுதானேக்கா? இருக்கறதுலயே சின்னது இதுதான். 2.69னு போட்டு கையெழுத்துப் போடுங்க, திங்கக்கிழமை ஊருக்குக் கிளம்புங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைசித் துண்டு கணக்கு இல்ல சார். எண்ணு எங்க போய் நிக்குதோ அதுதான் கணக்கு. இந்தத் துணுக்கு துளைக்குப் பக்கத்துல இருந்து வந்திருக்கும், துளையே இருந்திருக்காது. அதோட இவ்ளோ சின்னதை நிறுத்தா நம்ம தராசே தடுமாறும். இன்னொரு துணுக்கு வெட்டினா 2.1ம் வரும்."

"இதெல்லாம் யாருக்குக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

சொல்லும்போது அவர் குரலில் வீரம் எதுவும் இல்லை, அலுப்புதான் இருந்தது. 2.69ஐ அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, கீழே 2.43, தேறவில்லை என்று கையெழுத்திட்டார். மேனேஜர் விடுப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் என் மேஜைப் பக்கம் குனிந்துகொண்டேன், நானும் சம்பளக்காரன்தானே.

அக்கா மகளுக்குப் போன் போட்டார். விடுப்பு போனதைச் சொல்லாமல் இரண்டு நிமிடம் நலம் விசாரித்தார். அந்தப் பக்கம் அதற்குள் புரிந்துவிட்டது.

"எத்தனை வார்ப்பும்மா?"

"நாப்பது."

"சரி. போன தடவை முப்பது."

மகள் கோபித்திருந்தால் தேவலை. அக்கா போனை வைத்துவிட்டு, நிறுக்கும் தொட்டியில் தண்ணீரை மாற்றப் போனார்.