முனவ்வறாவிடம் கொடுத்த படம்

“குமர்ப் பிள்ளைகள்ற படத்த வித்த காசிலதான் முனவ்வறா ஊட்டுக்கு ஓடு மாத்தினவள்” என்று தெருவெல்லாம் கதைத்துத் திரிகிற சபியா உம்மா ஒருதரம் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும். போன மாரியிலும் ஒழுக்குக்குச் சட்டி வைத்துத்தான் அவள் படுத்தாள். பக்கத்து வளவுக்காரி எனக்குத் தெரியாதா?

கலியாணம் பேசுவதுதான் அவள் தொழில். பெண் பிள்ளையின் படத்தை ஹபாயா அங்கிக்குள் வைத்துக் கொண்டுபோவாள். மாப்பிள்ளையின் உம்மாவிடம் மட்டும் காட்டுவாள். பொழுதுபட முன் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஓர் ஆம்பிளை கையிலும் கொடுத்ததில்லை.

இப்போது மாப்பிள்ளைமார் கட்டாரிலும் சவூதியிலும் இருந்து போனில்தானே பார்க்கிறார்கள். சந்தைக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் முபாறக் அவளுக்கு ஒரு கலியாண ஆப் போட்டுக் கொடுத்தான். திரை நிறைய இங்கிலீசு.

“என்ன தம்பி எழுதிக் கிடக்கு?”

“எல்லா ஆப்புலயும் வாறதுதான் சாச்சி. ஓம் என்டு அமத்துங்க. மொத வாரம் சும்மா.”

பிஸ்மில்லாஹ் சொல்லி அமத்தினாள். இடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்த எங்கள் தெருப் பிள்ளை பஸ்மினாவின் படத்தை ஏற்றினாள். அந்த வாரத்துக்குள்ளேயே பஸ்மினாவுக்கு சாய்ந்தமருதில் இடம் அமைந்துவிட்டது. உடனே ஆப்பை அழித்தாள். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவே நினைத்தாள், பாவம். பிறகு மாதா மாதம் போனுக்குப் போட்ட ரீலோட் காசு குறைந்தபோதும் போன் கம்பனியைத்தான் ஏசினாள்.

நாள் குறித்த பிறகு, மாப்பிள்ளையின் சினேகிதன் வேறொரு கலியாணத் தளத்தில் பஸ்மினாவின் படத்தைக் கண்டான். கீழே ‘மாப்பிள்ளை தேவை’ என்றிருந்ததாம். சாய்ந்தமருதார் பேச்சை முறித்துவிட்டார்கள்.

படம் அங்கே எப்படிப் போனதென்று கேட்க, பாண்டிருப்பில் இங்கிலீசு படிப்பிக்கும் சொனியா டீச்சரிடம் நானும் முனவ்வறாவும் போனோம். டீச்சர் ஆப்பைத் திரும்பப் போட்டு, அந்த எழுத்தையெல்லாம் வாசித்தார்.

“சும்மா தந்த வாரம் முடிய முன்ன நிப்பாட்டாட்டி, மாசா மாசம் தானாப் புதுப்பிச்சு போன் காசில வெட்டுவாங்களாம். ஆப்ப அழிச்சாலும் அது நிக்காது. சந்தாவ வேறயா நிப்பாட்டணும். உங்கட கணக்கும் படமும் அப்பிடியேதான் கிடக்கு. இந்தா, இந்தப் பெட்டியில சரி போட்டிருக்கு. படத்தையும் விபரத்தையும் அவங்களோட சேர்ந்த கம்பனிகளுக்குக் குடுக்கலாம் என்டு.”

“அத நான் போடல்லையே டீச்சர்!”

“அவங்களே போட்டு வெச்சிருக்காங்க. வேணாமெண்டா நாமதான் எடுக்கணும்.”

டீச்சர் பெட்டியில் இருந்த சரியை எடுத்தார், சந்தாவை நிறுத்தினார், கணக்கையும் அழித்தார்.

“அப்ப படம் வந்திருமா?”

“இனிக் குடுக்க மாட்டாங்க. குடுத்தது குடுத்ததுதான். அந்தந்தக் கம்பனிக்கு எழுதித்தான் கேக்கணும். ஆருக்கெல்லாம் போயிருக்கெண்டு இதுல இல்ல.”

வரும் வழியில் முனவ்வறா பஸ்மினாவின் வீட்டு வாசலில் நின்றாள்.

“மகள், ஒருக்கா வெளிய வாவன்.”

“எண்ட படத்த வாங்கிட்டு வாங்க மாமி, கதைப்பம்” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

முனவ்வறா அதற்குப் பிறகு எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. ஒருத்தரும் கூப்பிடவும் இல்லை. ஒரு காலை, பொத்துவிலில் இருக்கும் தங்கச்சியிடம் போவதாகப் பையோடு வெளியே வந்தாள்.

“எப்பகா திரும்பி வருவாய்?” என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

“தெரியா ராத்தா” என்றாள். கதவைப் பூட்டாமலே போய்விட்டாள்.