சிவப்புக்கல் தோடும் ஒரு கிராம் வித்தியாசமும்

அம்மாவின் நகைகளில் அக்கா விரும்பியது சிவப்புக்கல் தோட்டை மட்டுமே. பங்கு பிரிக்க உட்கார்ந்தபோது அது எனக்குத் தெரியாது. தெரியவே கூடாதென்று விதி வகுத்தவனும் நான்தான்.

அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவும் போனபின் மிஞ்சிய வாரிசுகள் மூவர்: விழுப்புரத்தில் அண்ணன், திண்டிவனத்தில் இட்லி மாவு விற்கும் அக்கா, கல்லூரி விவாத மேடைகளில் கோப்பைகளை வென்றுகொண்டிருந்த நான். நியாயத்தைப் பற்றிப் பேசிப் பேசி, அதைச் செய்யவும் வல்லவன் என்றே என்னை நம்பியிருந்தேன். அண்ணன் வீட்டுக் கூடத்தில் எழுந்து நின்றே விதியைச் சொன்னேன்.

"எதன்மேல் ஆசை என்று யாரும் வாய்திறக்கக் கூடாது. ஆசை தெரிந்தால் மற்றவர் விலையேற்றுவர். எடை பேசட்டும், சீட்டு தீர்க்கட்டும்."

"ஒக்காந்து சொல்லேன்டா, மைக் இல்ல இங்க" என்றான் அண்ணன்.

நகை ஆசாரி ஒவ்வொன்றையும் நிறுத்தார். தோடு ஏழு கிராம் காட்டியது. கல்லுக்கும் உள்ளே அடைத்திருந்த அரக்குக்கும் மூன்று கிராம் கழித்துத் தங்கம் நான்கு என்றார்.

"கல்லுக்கு வெல இல்லீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"வாங்கறப்ப உண்டும்மா. விக்கறப்ப கெடையாது. செய்கூலி, சேதாரம்லாம் அப்டித்தான்."

எல்லாம் ஒரே தரத் தங்கம். ஆகவே எடையைக் கொண்டே மூன்று பங்குகள் அமைத்தேன். பெரிய சங்கிலி தனியாக இருபத்துநான்கு கிராம். வளையல் இரண்டும் இருபத்தொன்று, அத்துடன் மூன்று கிராம் மோதிரம். சின்னச் சங்கிலி இருபது, குறையை நிரப்பத் தோடு. அம்மாவின் தோட்டை நான் வெறும் நிரவலாகத்தான் பார்த்தேன்.

தாய்மாமன் சொம்பில் சீட்டுகளைக் குலுக்கி, பங்குக்கொரு பெயராக எடுத்தார். சங்கிலி அண்ணனுக்கு. வளையலும் மோதிரமும் அக்காவுக்கு. தோடு எனக்கு.

அம்மாவின் வீட்டுச் சாமான்களை முறைவைத்து எடுப்பதென்று ஏற்பாடு. முதல் சுற்றில் அக்கா, அண்ணன், நான். கடைசியில் எடுப்பவன் நட்டப்படாதிருக்க, இரண்டாம் சுற்று தலைகீழாக வரும். பிரிட்ஜ், பீரோ, கிரைண்டர் எல்லாம் வரிசையாக நின்றன. அக்கா அவற்றைக் கடந்து போய், அம்மா தோடு வைத்திருந்த காலிப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"காலி டப்பாவ வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?" என்று சிரித்தான் அண்ணன்.

"தோடுதான் எனக்கு விழலியே" என்றாள் அக்கா.

மாமாதான் விளக்கினார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்காக அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னபோது, திருகாணி தொலைந்துவிடுமென்று அக்கா தன் காதில் போட்டுக்கொண்டாளாம். அம்மா இருந்த கடைசி நாள்வரை அது அக்கா காதில்தான் இருந்தது. பிறகு அவளே கழற்றிப் பங்குக் குவியலில் வைத்திருக்கிறாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீதான சொல்லக் கூடாதுன்ன."

தோட்டை எடுத்து நீட்டினேன். "வெச்சிக்கோக்கா."

அவள் கையை நீட்டவில்லை. "சும்மா குடுத்தா வேணாம். எனக்கும் பங்கு இருக்குது, தம்பி. மோதிரத்த எடுத்துக்கோ. தங்கத்துல ஒரு கிராம் கொறையுது, அதுக்கு என்னான்னு சொல்லு."

"இன்னிக்கி ரேட்டுல காசா குடுத்துடு" என்றார் மாமா.

"காசு இல்ல மாமா. ரெண்டாவது சுத்துல என் முறைய இவன் எடுத்துக்கட்டும்."

மூவரும் ஒப்பினோம். சீட்டு முடிந்தபின் சம்மதித்து மாற்றிக்கொள்வதில் தவறில்லை என்று மாமா பங்கு விவரம் எழுதும் யாதியில் அதையும் எழுதினார். அண்ணன் பிரிட்ஜை எடுத்தான், நான் பீரோவை. இரண்டாம் சுற்றில் நான் அண்டாவையும் அண்ணன் மிக்சியையும் எடுத்தோம். பிறகு வந்தது அக்கா விட்டுக்கொடுத்த முறை. மிஞ்சியிருந்தவை கிரைண்டரும் ஒரு மேசை மின்விசிறியும். மிஞ்சுவது அக்காவுக்கு என்று பேச்சு. அவளுடைய பழைய கிரைண்டர் பாதி நாள் ஓடாதென்று எல்லோருக்கும் தெரியும். கிரைண்டர் அவளுக்கே மிஞ்சட்டுமென்று என் கை மின்விசிறியின் பக்கம் போயிற்று.

"அத எடுத்தின்னா தோட்ட இப்பவே கழட்டி வெச்சிடுவேன்" என்றாள் அக்கா. கண்ணாடி பார்க்காமலே ஒரு திருகாணியை முடுக்கி, மற்றதை விரல்நுனியில் வைத்திருந்தாள்.

நான் கிரைண்டரைத் தொட்டேன்.

"ஹாஸ்டல்ல மாவாட்டப் போறியாடா?" என்றான் அண்ணன்.

அக்கா மற்றத் திருகாணியையும் முடுக்கிவிட்டு, யாதியில் கையெழுத்திடப் பேனாவை வாங்கினாள்.